இரண்டு லொட், இரண்டு பச்சை: சாய ஆலைக்கு எழுதிய கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா, உங்கட அந்தப் பாசிப்பச்சை ஓடரில என்ன நடந்தது எண்டு முதல் சொல்லுங்கோ.

கிளிநொச்சியில் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் துணி வரவைப் பார்ப்பது என் வேலை. பின்னிய துணியை மேல் மாகாணத்தில் உள்ள ஒரு சாய ஆலைக்கு அனுப்பிச் சாயம் போட்டு எடுக்கிறோம். அந்த ஓடர் 600 கிலோ பருத்தி சிங்கிள் ஜேர்சி, பாசிப்பச்சை நிறம். ஆலையின் இயந்திரத்தில் ஒரே தடவையில் அவ்வளவும் போகாது என்பதால் இரண்டு லொட்டாகப் பிரித்தார்கள். முதல் லொட் 310 கிலோ, 14 ரோல். அதோடு கழுத்துப்பட்டிக்கான ரிப் துணி 36 கிலோவையும் சேர்த்தே சாயம் போட்டுவிட்டார்கள். இரண்டாவது லொட் 290 கிலோ, 13 ரோல், ஒன்பது நாள் கழித்து வந்தது. அதில் ரிப் இல்லை.

லொறி ஏ9 வீதியால் வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி. ரியூப் லைற் வெளிச்சத்தில் ஒரு ரோலை அவிழ்த்து, ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த ரிப் துண்டை அதன்மேல் வைத்தேன். ரிப் பச்சையாக இருந்தது, ரோல் கபிலம் கலந்த பச்சையாக இருந்தது. நெஞ்சு திக்கென்றது. காலையில் முற்றத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெட்டும் மேசை அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார், "தங்கச்சி, நித்திரைத் தூக்கத்தில பார்த்திருக்கிறியள்" என்று.

நான் பார்த்தது சரி, அவர் பார்த்ததும் சரி. கடிதம் எழுத உட்கார்ந்தபோது முதலில் எனக்கே விளங்கவேண்டி இருந்தது அதுதான்.

ரெண்டு லொட்டும் ஸ்டாண்டர்டுக்குப் பாஸ் எண்டு சாய ஆலை ரிப்போட் அனுப்பியிருக்கு. பிறகு நான் என்னத்தைச் சொல்லி எழுதுறது?

எனக்கும் அப்படித்தான் ஒரு ரிப்போட் வந்தது. அதில் பொய் ஒன்றும் இருக்கவில்லை.

சாய ஆலை ஒவ்வொரு லொட்டையும் ஓடர் தந்த பையர் கையொப்பமிட்ட மாதிரித் துண்டோடு மட்டும் ஒப்பிடும். நிறமானியில் வைத்து அளந்தால் DE என்ற தலைப்பின் கீழ் ஓர் எண் வரும். மாதிரியிலிருந்து இந்தத் துணியின் நிறம் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதுதான் அந்த எண். துணி வேலையில் பெரும்பாலும் சிஎம்சி 2:1 என்ற கணக்கு முறையைப் பயன்படுத்துவார்கள். 1.0 வரைக்கும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது பல பையர்கள் வைக்கும் எல்லை. எங்கள் முதல் லொட் 0.7, இரண்டாவது 0.8. இரண்டும் பாஸ்.

ஆனால் DE தூரத்தை மட்டும்தான் சொல்கிறது, திசையைச் சொல்வதில்லை. வீட்டுப் படலையிலிருந்து நீங்கள் வடக்கே எட்டு அடி, நான் தெற்கே ஏழு அடி. படலைக்கு இரண்டு பேரும் கிட்டத்தான் நிற்கிறோம். ஆனால் எங்களுக்கிடையில் பதினைந்து அடி இருக்கிறது. எங்கள் முதல் லொட் மாதிரியைவிட வெளிறி, பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டாவது கறுத்து, சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று வைத்து அளந்தபோது பகல் வெளிச்சக் கணக்கில் 1.4 வந்தது.

சட்டையை வாங்குகிறவர் மாதிரித் துண்டைக் காணப்போவதில்லை. அவர் காண்பது கழுத்துப்பட்டியையும் உடம்பையும். ஆகவே கடிதத்தின் முதல் வரியிலேயே "லொட் 1ஐ ஸ்டாண்டர்டாக வைத்து லொட் 2ஐ அளந்து தாருங்கள்" என்று கேளுங்கள். "உங்கள் ரிப்போட் பிழை" என்று எழுதினால் அவர்கள் ரிப்போட்டைக் காட்டி வாதாடுவார்கள், அதில் அவர்கள்தான் வெல்வார்கள்.

DE-க்குப் பக்கத்தில் DL, DC, DH என்று மூன்று எண்கள் இருக்கும். DL கூட்டல் என்றால் வெளிறல், கழித்தல் என்றால் கறுப்பு. DC நிறத்தின் பளிச்சு. DH நிறமே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. இந்த மூன்றின் கூட்டல் கழித்தல் குறிகளை இரண்டு ரிப்போட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறிகள் எதிரெதிராக இருந்தால் ரோலைத் திறக்கமுதலே தலையிடி எங்கே வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

பகல்ல ஒண்டாத் தெரியுது, ரியூப் லைற்றில வேறயாத் தெரியுது. எது உண்மையான நிறம்?

இரண்டும் உண்மை. சாயம் தனக்கென்று ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு இருப்பதில்லை. தன்மேல் விழும் வெளிச்சத்தில் சிலதை விழுங்கி மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில் எல்லா நிறக் கதிரும் ஓரளவு சமமாக உண்டு. ரியூப் லைற்றில் சில நிறக் கதிர்கள் மட்டும் கூர்மையாக ஓங்கி நிற்கும், இடையில் பள்ளங்கள் இருக்கும். இரண்டு வெவ்வேறு சாயக் கலவைகள் பகலில் ஒரே பச்சையைக் காட்டலாம். வெளிச்சம் மாறினால் கூட்டுப் பிரிந்துவிடும். இதைத் துணிக்காரர் மெட்டமெரிசம் என்பார்கள். பாசிப்பச்சை, காக்கி, சாம்பல் போன்ற நிறங்களில் இது அடிக்கடி வரும். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் கலந்து செய்யும் மங்கல் நிறங்கள் அவை. ஒன்றை மாற்றினாலும் மற்ற இரண்டைக் கூட்டிக் குறைத்துப் பகல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இதனால்தான் துணியை வைத்து நிறம் பார்க்கும் வெளிச்சப் பெட்டியில் மூன்று விளக்காவது இருக்கும். டி65 பகல் வெளிச்சத்துக்கு. டிஎல்84 ஐரோப்பியக் கடைகளில் நெடுங்காலம் பழக்கமாக இருந்த ரியூப் லைற்றுக்கு. ஏ என்பது பழைய மஞ்சள் குமிழுக்கு. பையர் தன் கடையில் என்ன விளக்கு எரிகிறதோ அதை முதல் விளக்காகக் குறிப்பிடுவார். எங்கள் பையர் டிஎல்84 என்று எழுதியிருந்தார். சாய ஆலையின் ரிப்போட் டி65-இல் மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. ஓடர்த் தாளில் இரண்டாம் பக்கத்தில் இருந்த அந்த வரியை அவர்கள் பார்க்கவில்லை. ரிப்போட் கைக்கு வந்தபோது நானும்தான் கவனிக்கவில்லை.

துண்டுகளைக் கொழும்பில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி டிஎல்84-இல் அளந்தோம். முதல் லொட் மாதிரிக்கு 0.9, இரண்டாவது 1.4, ஒன்றுக்கொன்று 2.2. அந்த 2.2-ஐ விளங்க நிறமானி வேண்டாம், கண் போதும்.

இந்த எண்கள் இன்னொரு கதையையும் சொல்கின்றன. ஒரே சாயங்களைப் போட்டு அளவு மட்டும் தவறியிருந்தால் வேறுபாடு எல்லா விளக்கிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். முதல் லொட்டுக்கு 0.7, 0.9 என்று அப்படித்தான் இருந்தது. இரண்டாவது 0.8-இலிருந்து 1.4-க்குத் தாவியது. அங்கே சாயமே மாறியிருக்கிறது என்று சந்தேகிக்க அது போதும்.

எங்களிட்ட வெளிச்சப் பெட்டி இல்லை. வேப்பமரத்துக்குக் கீழ வச்சுப் பார்த்தாக் காணாதா?

காணாது. இலைகளுக்குள்ளால் வரும் வெளிச்சமே பச்சை. பச்சைத் துணியைப் பார்க்க அதைவிட மோசமான இடம் வேறு இல்லை. நீலம் பூசிய சுவருக்குப் பக்கத்திலும் வேண்டாம். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் உங்கள் சட்டையின் நிறமும் துணியில் ஏறும்.

பழைய புத்தகங்களில் வடக்கு ஜன்னல் ஓரமாகப் பார்க்கச் சொல்வார்கள். அது ஐரோப்பியர் எழுதியது. அங்கே உச்சி நேரத்தில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும், வடக்கு ஜன்னலில் நேர் வெயில் பெரும்பாலும் விழாது. வன்னி கிட்டத்தட்ட 9 பாகை வட அகலாங்கில் கிடக்கிறது. சித்திரைப் பிறப்பிலிருந்து ஆவணி முற்பாதிவரை எங்களுக்கு உச்சி வெயில் வடக்குப் பக்கத்தால்தான் வரும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் பாதுகாப்பு. மற்ற மாதங்களில் வடக்கு.

காலை ஒன்பதரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில், நேர் வெயில் படாத நிழலில், சாம்பல் அல்லது வெள்ளை மேசைமேல் இரண்டு துண்டையும் இடைவெளி விடாமல் ஒட்டி வையுங்கள். பின்னல் வரிகள் இரண்டிலும் ஒரே திசையில் இருக்கவேண்டும். ஜேர்சியைத் தலைகீழாகத் திருப்பினால் ஷேட் மாறினதுபோலத் தெரியும். பத்துச் செக்கனுக்குள் முடிவெடுங்கள். நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் களைத்து எல்லாம் ஒன்றாகிவிடும். அப்புறம் இரவில் ரியூப் லைற்றிலும் மஞ்சள் குமிழிலும் திரும்பப் பாருங்கள். இதெல்லாம் பரிசோதனைக்கூட முடிவாகாது. ஆனால் துணியைக் கொழும்புக்கு அனுப்பிக் காசு செலவழிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க இது போதும்.

இன்னொன்று. லொறியிலிருந்து இறக்கின சூட்டோடு பார்க்கவேண்டாம். பருத்தி ஈரத்தை உறிஞ்சும், ஈரத் துணி கறுத்துத் தெரியும். பரிசோதனைக்கூடத்தில் 20 பாகை சூடு, 65 வீத ஈரப்பதம் என்று வைத்துத் துணியைப் பதப்படுத்திய பிறகே அளப்பார்கள். எங்களிடம் அப்படி அறை இல்லை. ஆகவே இரண்டு லொட்டின் துண்டுகளையும் ஒரே அறையில் ஒரே கொடியில் அரை நாள் தொங்கவிடுகிறேன். மார்கழி மழையிலும் இரண்டும் ஒரே அளவுக்காவது ஈரமாக இருக்கும்.

போனில படம் எடுத்து வட்ஸ்அப்பில போட்டா வேலை முடிஞ்சுதே?

முடியாது. வெள்ளையைச் சமப்படுத்துகிறேன் என்று போன் தன் விருப்பத்துக்கு நிறத்தை மாற்றும். படம் அவசரத்தைச் சொல்ல உதவும், ஆதாரமாக உதவாது.

ஆதாரம் துணிதான். ஒவ்வொரு ரோலின் நுனியிலிருந்தும் ஆறு அங்குலச் சதுரத் துண்டு வெட்டி, ரோல் இலக்கத்தைப் பின்பக்கத்தில் எழுதி, எல்லாவற்றையும் வரிசையாகத் தைத்து ஒரு போர்வை போல ஆக்குங்கள். 27 ரோலுக்கும் அப்படிச் செய்தோம். தைத்து விரித்தவுடன் வெட்டும் மேசை அண்ணை சிரிப்பை நிறுத்தினார். பதினான்காவது சதுரத்துக்கும் பதினைந்தாவது சதுரத்துக்கும் நடுவில் கோடு கீறினதுபோல் இருந்தது. ஒரு லொட்டுக்குள் ரோலுக்கு ரோல் மாறவில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. கடிதத்துக்கு அது பெரிய பலம். ரோலுக்கு ரோல் மாறினால் இயந்திரக் கோளாறு என்றும், லொட்டுக்கு லொட் மாறினால் கலவைக் கோளாறு என்றும்தான் முதலில் தேடுவார்கள். போர்வையை இரண்டாக வெட்டி ஒன்றை அனுப்புங்கள், ஒன்றை இருளான பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ரெண்டு ரோல் வெட்டியாச்சு. இனி எழுதலாமே?

எழுதலாம், ஆனால் கை பலவீனம். வெட்டிய துணிக்கு முறைப்பாடு ஏற்கமாட்டோம் என்று பெரும்பாலான சாய ஆலைகளின் டெலிவரி நோட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். வெட்டாத ரோல்களுக்கு மட்டும் கேட்டு, வெட்டியது இத்தனை கிலோ என்று மறைக்காமல் எழுதுங்கள். மறைத்துப் பிடிபட்டால் மிச்ச ரோல்களும் போய்விடும். எத்தனை நாளுக்குள் முறையிடவேண்டும் என்பதும் அதே நோட்டில் இருக்கும். அதைப் படித்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

சரி, நீங்கள் எழுதின கடிதத்தைக் காட்டுங்கோ.

ஓடர் இலக்கங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

> தரக் கட்டுப்பாட்டு முகாமையாளருக்கு,
>
> விடயம்: பாசிப்பச்சை சிங்கிள் ஜேர்சி, லொட் 1க்கும் லொட் 2க்கும் இடையிலான ஷேட் வேறுபாடு
>
> ஐயா,
>
> மேற்படி ஓடரில் லொட் 1 (14 ரோல், 310 கிலோ, ரிப் 36 கிலோ) மற்றும் லொட் 2 (13 ரோல், 290 கிலோ) எங்களுக்குக் கிடைத்துள்ளன. லொட் 2இல் ஒரு ரோலும் வெட்டப்படவில்லை.
>
> இரண்டு லொட்டும் மாதிரியோடு டி65இல் ஏற்கத்தக்க எல்லைக்குள் இருப்பதை உங்கள் அறிக்கையில் கண்டோம். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லொட் 1ஐ ஸ்டாண்டர்டாக வைத்து லொட் 2ஐ அளந்தபோது டி65இல் 1.4 உம், ஓடரில் முதல் விளக்காகக் குறிப்பிடப்பட்ட டிஎல்84இல் 2.2 உம் வருகிறது. டிஎல்84இல் லொட் 2 கறுத்தும் சிவந்தும் தெரிகிறது. ஒரு லொட்டுக்குள் ரோல்களிடையே வேறுபாடு காணப்படவில்லை. பரிசோதனைக்கூட அறிக்கையும் 27 ரோல்களின் துண்டுகள் தைத்த போர்வையும் இணைக்கப்பட்டுள்ளன.
>
> ரிப் முழுவதும் லொட் 1உடன் சாயமிடப்பட்டதால் லொட் 2 துணிக்கு அதைப் பொருத்த முடியவில்லை. இதனால் ஏறக்குறைய 1,400 சட்டைகள் நிற்கின்றன.
>
> எங்களுக்குத் தேவையானவை:
> 1. இரண்டு லொட்டின் சாயக் கலவைத் தாள்களும், பயன்படுத்திய ஒவ்வொரு சாயத்தின் பெயரும் தொகுதி இலக்கமும்.
> 2. இரண்டு லொட்டினதும் ஒளித் தெறிப்பு வளைகோடுகள், ஒரே தாளில்.
> 3. லொட் 2 துணியை இலக்காக வைத்து 18 கிலோ ரிப் சாயமிட்டுத் தருவதற்கான திகதி. ரிப் துணியை நாங்கள் அனுப்புகிறோம், சாயச் செலவு உங்களுடையது.
>
> லொட் 2ஐ ஏற்பதா என்பதைப் பையரின் பதில் வந்த பின்னரே உறுதிப்படுத்துவோம். அதுவரை ரோல்கள் வெட்டப்படாமல் எங்கள் களஞ்சியத்தில் இருக்கும். வந்து பார்வையிடலாம்.
>
> இப்படிக்கு,

முதல் வரைவில் "பொறுப்பில்லாத வேலை" என்று ஒரு வரி இருந்தது. முதலாளி அதை வெட்டினார். நல்லதுதான், அந்த வரிக்குப் பதில் எழுதவே அவர்களுக்கு இரண்டு நாள் போயிருக்கும்.

கடிதத்தை இங்கிலீஸிலயோ தமிழிலயோ எழுதவேணும்?

போனது ஆங்கிலத்தில். மேலே இருப்பது நான் முதலில் எழுதிய தமிழ் வரைவு. என்ன கேட்கிறேன் என்பது எனக்குத் தெளிவானது அதை எழுதியபோதுதான். ஆலையில் கலவை நிறுக்கும் தம்பி மலையகத்துப் பிள்ளை, தமிழ்ப் பிரதியும் அனுப்பியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று பிறகு போனில் சொன்னார்.

என்ன பிழை விட்டினம் எண்டு நாங்களே கடிதத்தில எழுதினா என்ன?

எழுதாதீர்கள். நீங்கள் சொல்லும் காரணம் பிழையாகிவிட்டால் முறைப்பாடும் பிழை என்று ஆகிவிடும். அறிகுறியை எழுதுங்கள், காரணத்தைச் சொல்லும் கடமையை அவர்களிடம் விடுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் பொருந்துமா என்று சோதிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

எங்களுக்கு முதலில் போனில் வந்த பதில் "தண்ணி". வன்னியில் அந்தப் பதிலை யாரும் உடனே நம்புவார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்தலுக்குள் வெள்ளைப் படிவு பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கல்சியம் கூடிய தண்ணீரில் சாயம் மங்கும், திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அதுவும் மெய்தான். ஆனால் சாயம் போட்டது எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இல்லை, ஆலை மென்மையாக்கிய தண்ணீரில். அதோடு தண்ணீர்க் கோளாறு என்றால் துணி எல்லா விளக்கிலும் மங்கலாகத்தான் இருக்கும். டிஎல்84-இல் மட்டும் இன்னும் கூடச் சிவக்க அதற்குப் பெரும்பாலும் முடியாது.

இரண்டாவது பதில் "துணி நிறுத்ததில் பிழை". இதுவும் நடக்கிற விடயம். பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்தைத் துணி நிறையின் வீதமாகத்தான் கணக்கிடுவார்கள். சாதாரண காற்றில் பருத்தி தன் காய்ந்த நிறையில் ஏறக்குறைய 8 வீதம் ஈரத்தை வைத்திருக்கும். மழைநாளில் ஈரமாகக் கிடந்த துணியை நிறுத்தால் நிறை கூடக் காட்டும், அதற்கேற்பச் சாயமும் கூடப் போகும், துணி கறுக்கும். வெளுத்தபின் ஹைட்ரஜன் பெரொக்சைட் கழுவப்படாமல் மிஞ்சினால் எதிர்ப்பக்கம், அது சாயத்தைத் தின்று துணியை வெளிறச் செய்யும். கறுத்தல் எங்கள் அறிகுறியோடு பொருந்துகிறது என்று சொல்லலாம். ஆனால் நிறைப் பிழையால் மூன்று சாயமும் ஒன்றாகக் கூடும், விளக்குக்கு விளக்கு கதை மாறாது.

துணி எந்தெந்த நிறக் கதிரை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் அந்த வளைகோடுகள் வந்தபோது முடிவு தெரிந்துவிட்டது. ஒரே சாயங்களால் ஆன இரண்டு துணிகளின் கோடுகள் ஒன்றுக்குமேல் ஒன்று ஏறக்குறைய ஒரே உருவத்தில் ஓடும். எங்களுடையவை பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. கலவைத் தாளில் முதல் லொட்டுக்கு ஒரு தங்க மஞ்சள், இரண்டாவதற்கு வேறொரு நிறுவனத்தின் மஞ்சள். முதலாவது களஞ்சியத்தில் முடிந்துவிட்டதாம். மாற்றினதில்கூடக் குற்றம் சொல்லமாட்டேன், சாயம் முடிவது எல்லா ஆலையிலும் நடக்கும். டி65-இல் மட்டும் சரிபார்த்து, எங்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் அனுப்பியதுதான் கோபம்.

290 கிலோவையும் திரும்பச் சாயம் போட்டுத் தரச் சொல்லியிருக்கலாமே? ஏன் ரிப்பை மட்டும் கேட்டனீங்கள்?

எல்லாரும் கேட்பது இதைத்தான். கறுத்துப்போன துணியை வெளிறச் செய்ய, முதலில் சாயத்தைக் கழற்றவேண்டும். ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு இரசாயனப் பிணைப்பில் இருப்பது. சும்மா கழுவிப் போகாது, காரமும் ஒடுக்கும் இரசாயனமும் போட்டுச் சூடாக்கவேண்டும். பிறகு திரும்பச் சாயம், திரும்பச் சவர்க்காரக் கழுவல், திரும்ப உலர்த்தல். இத்தனைக்குப் பிறகு ஜேர்சி துவண்டு மயிர் எழும்பி வரும், அகலம் மாறும், பலம் குறையும். ஷேட் சரியாகி, துணி பழைய துணியாகிவிடும். வெளிறிய துணியைக் கறுக்கச் செய்வது என்றால் மேலே கொஞ்சம் சாயம் ஏற்றி ஓரளவு தப்பலாம். எங்களுடையது மற்றப் பக்கம்.

ரிப் அப்படியில்லை. 1,400 சட்டைக்குக் கழுத்துப்பட்டி 17 கிலோ, வெட்டுச் சேதத்தோடு 18. ஆலைகளில் மாதிரி லொட் போடுவதற்குச் சிறிய இயந்திரம் இருக்கும், அதில் ஒரே நாளில் முடியும். கலவைத் தாளும் கையில் இருந்தது, அதே புதிய மஞ்சளைப் போட்டார்கள். பிரச்சினையைச் செய்த மஞ்சளே அதைத் தீர்த்ததும் என்று வையுங்கோவன். இலக்கு மாதிரித் துண்டு இல்லை, லொட் 2 துணி. இதைக் கடிதத்தில் சொல்லாமல் விட்டால் பழக்க தோசத்தில் மாதிரிக்கே அடித்து அனுப்புவார்கள், அது இரண்டு லொட்டுக்கும் பொருந்தாமல் நடுவில் நிற்கும்.

வந்த ரிப் லொட் 2 துணியோடு டிஎல்84-இல் 0.6. ரிப்பின் பின்னல் குழி குழியாக இருப்பதால் கண்ணுக்கு ஒரு பொட்டு கறுப்பாகத்தான் தெரியும். அது பின்னலின் இயல்பு, அதற்கு முறைப்பாடு எழுதவேண்டாம்.

பையருக்குச் சொல்லாமல் கலந்து தைச்சு அனுப்பினா ஆருக்குத் தெரியப்போகுது?

கலந்து தைத்தால் ஒரே சட்டையின் முன்பக்கம் ஒரு லொட், கை இன்னொரு லொட் என்று ஆகும். தையலில் இரண்டு துண்டும் ஒட்டி நிற்பதால் கண் அதை உடனே பிடிக்கும். பக்கத்துச் சட்டையில் 2.2 தப்பலாம், ஒரே சட்டையில் தப்பாது. தெரிந்துகொண்டுதான் ஒருகாலத்தில் நானும் ஒரு சின்ன ஓடரில் கண்ணை மூடினேன், பெட்டிகள் திரும்பி வந்தன.

இம்முறை முதலே சொன்னோம். இரண்டு லொட்டிலிருந்தும் கழுத்துப்பட்டியோடு தைத்த ஒவ்வொரு சட்டையும், பரிசோதனைக்கூட அறிக்கையும் அனுப்பினோம். லொட் 2 டிஎல்84-இல் 1.4, எல்லையைத் தாண்டியது என்று நாங்களே எழுதினோம். தனி லொட்டாக, தனிப் பெட்டிகளில், ஒரே ஊர்க் கடைகளுக்கு மட்டும் போகும்படி பிரித்தால் ஏற்கிறோம் என்று பதில் வந்தது. பிறகு வெட்டும் மேசையில் ஒரு நாளைக்கு ஒரு லொட் மட்டும். துண்டுக்குத் துண்டு லொட் இலக்க ஸ்டிக்கர். லொட் 2 ஸ்டிக்கர் மஞ்சள் நிறத்தில். அது வெட்டும் மேசை அண்ணையின் பகிடி.

அடுத்த ஓடருக்கு என்ன மாத்தினீங்கள்?

ஓடர்த் தாளில் நான்கு வரி கூடியது. ரிப்பை ஒவ்வொரு லொட்டுக்கும் பிரித்து உடம்புத் துணியோடு ஒன்றாகவே சாயமிடவேண்டும். இரண்டாவது லொட்டை மாதிரியோடு மட்டுமல்ல முதல் லொட்டோடும் டி65, டிஎல்84 இரண்டிலும் அளந்து அனுப்பவேண்டும். கலவையில் ஏதாவது சாயம் மாறினால் சாயமிட முதல் அறிவிக்கவேண்டும். ஒவ்வொரு லொட்டிலும் ஒரு மீற்றர் துணி லொறிக்கு முதல் பஸ்ஸில் வரவேண்டும்.

கடைசி வரிதான் அதிகம் உதவுகிறது. கொழும்புப் பஸ் விடியப்புறம் கிளிநொச்சியில் நிற்கும். விடியமுதல் ரியூப் லைற்றில் ஒருமுறை, பத்து மணிக்கு ஜன்னலில் ஒருமுறை பார்த்துவிட்டு, லொறியை ஏற்றச் சொல்வதா நிறுத்தச் சொல்வதா என்று போனில் சொல்லிவிடுகிறேன்.